மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும்?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையைக் கட்டும் ஒப்பந்தத்தை கரில்லியன் என்ற கட்டுமான நிறுவனம் எடுத்திருந்தது. மதிப்பு சுமார் 33.5 கோடி பவுண்டு. 2014-இல் வேலை தொடங்கியது, 2017-இல் கட்டடம் திறக்கப்பட்டிருக்க வேண்டும். இடையில் கல்நார் கிடைத்தது, கான்கிரீட் உத்தரங்களில் விரிசல் கண்டது, நாள் தள்ளிக்கொண்டே போனது. 2016 நவம்பரில் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மறு ஆய்வு நடந்தது. இந்த வேலை முடியும்போது 12.7 சதவீதம் நஷ்டம் வரும் என்றது அந்த ஆய்வு. நிறுவனத்தின் மேலிடமோ 4.9 சதவீதம் லாபம் என்ற கணக்கிலேயே நின்றது. வெளியே போன கணக்கில் ஏறியது இரண்டாவது எண்தான். இந்த ஒரே ஒப்பந்தத்தில், இந்த ஒரே வித்தியாசத்தால், 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 5.3 கோடி பவுண்டு வருமானம் கூடுதலாக ஏறியது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுக்கள் 2018 மே மாதம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஒரே கட்டடம், ஒரே ஒப்பந்தம், ஒரே தேதி. அதில் ஒருவர் லாபத்தையும் இன்னொருவர் நஷ்டத்தையும் எப்படிப் பார்க்க முடிந்தது? அதுவரை செலவான பணத்தைப் பற்றி இருவருக்கும் பெரிய சண்டை இருக்க வழியில்லை. பில் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. இனி ஆகப்போகும் செலவு எவ்வளவு என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள். அந்த எண்ணுக்கு பில் கிடையாது, ரசீது கிடையாது. ஆடிட்டர் சோதிக்க வேண்டியவற்றிலேயே கடினமானது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மளிகைக் கடையில் வருமானத்துக்குக் குழப்பமில்லை. சரக்கு கை மாறியது, பணம் வந்தது, அன்றைக்கே வருமானம். மூன்று வருடம் நடக்கும் பால வேலையில் அப்படிச் செய்ய முடியாது. பாலம் முடியும் வருடத்தில்தான் எல்லா வருமானமும் என்று வைத்தால், முதல் இரண்டு வருடமும் நிறுவனம் ஒன்றுமே சம்பாதிக்காதது போலத் தெரியும். அதனால் இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கு விதி, சில நிபந்தனைகள் பொருந்தினால், வேலை நடக்க நடக்க வருமானத்தை எழுதச் சொல்கிறது. வாடிக்கையாளரின் நிலத்தில், அவருடைய சொத்தாகவே வளரும் பாலம் அந்த நிபந்தனைகளில் ஒன்றுக்குப் பொருந்தும்.

அடுத்த கேள்வி, வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்பது. பெரும்பாலான கட்டுமான நிறுவனங்கள் இதைச் செலவை வைத்து அளக்கின்றன. இதுவரை ஆன செலவை, வேலை முழுவதற்கும் ஆகக்கூடிய மொத்தச் செலவால் வகுத்தால் வேலை முடிந்த சதவீதம் கிடைக்கும். அதை ஒப்பந்த விலையால் பெருக்கினால் இதுவரைக்குமான வருமானம்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு கற்பனைப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை 100 கோடி ரூபாய், மதிப்பிட்ட மொத்தச் செலவு 80 கோடி. முதல் வருடம் 20 கோடி செலவானது. 80-இல் 20 என்றால் 25 சதவீதம். வருமானம் 25 கோடி, லாபம் 5 கோடி. இரண்டாம் வருட முடிவில் மொத்தச் செலவு 48 கோடியைத் தொட்டது, 60 சதவீதம். இதுவரை வருமானம் 60 கோடி, அதில் இந்த வருடப் பங்கு 35 கோடி. இந்த வருடச் செலவு 28 கோடி போக லாபம் 7 கோடி. பார்க்க அழகான கணக்கு.

இப்போது மொத்தச் செலவு 80 ஆகாது, 96 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவான 48 கோடியில் ஒரு காசு மாறவில்லை. ஆனால் 96-இல் 48 என்றால் 50 சதவீதம்தான். இதுவரை வருமானம் 50 கோடி, இதுவரை லாபம் 2 கோடி. போன வருடமே 5 கோடி லாபம் காட்டியாகிவிட்டதால் இந்த வருடம் 3 கோடி நஷ்டம். 7 கோடி லாபம் 3 கோடி நஷ்டமாகிறது, அதுவும் இன்னும் நடக்காத ஒரு செலவைப் பற்றிய கருத்து மாறியதால் மட்டுமே. மேலிடத்தின் போனஸும் வங்கிக் கடனின் நிபந்தனைகளும் பங்கு விலையும் இந்த லாபத்தில் தொங்கும்போது 80 என்ற எண் அசையாமல் நிற்பதன் காரணம் புரியும். வருமானத்தில் மோசடி அபாயம் உண்டு என்ற அனுமானத்தோடுதான் ஆடிட்டர் வேலையைத் தொடங்க வேண்டும் என்று எஸ்.ஏ. 240 என்ற தணிக்கை விதி சொல்கிறது. நீண்ட ஒப்பந்தங்களில் அந்த அனுமானத்தின் கூர்முனை இந்த ஒரு எண்ணின் மேல்தான் விழுகிறது.

இதை எப்படிச் சோதிப்பது? முதலில் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த நிறுவனம் போன வருடம், அதற்கு முந்தின வருடம் போட்ட மதிப்பீடுகள் கடைசியில் என்ன ஆயின? முடிந்துபோன பத்து ஒப்பந்தங்களை எடுத்து, ஒவ்வொரு மார்ச் 31-லும் அவர்கள் சொன்ன மொத்தச் செலவையும் உண்மையில் ஆனதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரு குணம் தெரிந்துவிடும். சிலது கூடி, சிலது குறைந்திருந்தால் மதிப்பிடுவதில் இயல்பாக வரும் தவறு என்று கொள்ளலாம். பத்தில் ஒன்பது கூடியே முடிந்திருந்தால் அது சாய்வு. முதல் இரண்டு வருடம் லாப விகிதம் கோடு போட்டது போல நின்று கடைசி வருடத்தில் சரிந்திருந்தால், கெட்ட செய்தி கணக்குக்கு வரும் முன் யாரோ ஒருவரிடம் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். உண்மையான சைட்டில் மழை பெய்யும், சிமெண்ட் விலை ஏறும், சில நேரம் வேலை நினைத்ததைவிடச் சுலபமாகவும் முடியும். அத்தனையும் நடந்தும் மதிப்பீடு மூன்று காலாண்டாக 80 கோடியிலேயே நிற்கிறதென்றால் என் முதல் சந்தேகம் அந்த அசையாமையின் மேல்தான்.

அதன்பின் இந்தப் பாலத்துக்கே வர வேண்டும். மீதி 32 கோடியை ஒற்றை எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிரிக்க வேண்டும். எத்தனை பைல், எத்தனை டன் கம்பி, எத்தனை கனமீட்டர் மண், எத்தனை மாதம் சைட் நடக்கும் என்று அளவும் விலையுமாகப் பிரித்தால்தான் மதிப்பீடு கேள்வி கேட்கத் தக்கதாக மாறும்.

நம் பாலத்துக்கு மொத்தம் 120 பைல். மார்ச் 31-இல் 80 முடிந்திருக்கிறது, 40 பாக்கி. மதிப்பீட்டில் ஒரு பைலுக்கு 12 லட்சம். முடிந்த 80-க்கு உண்மையில் ஆன செலவை எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 19 லட்சம். ஆபீசில் கேட்டால், ஆரம்பத்தில் கொஞ்சம் சிக்கல், இனிமேல் சரியாகிவிடும் என்பார்கள். இந்த இடத்தில்தான் சைட்டுக்குப் போக வேண்டும். துளை போடும் மெஷின் பக்கத்தில் நிற்கும் என்ஜினியருக்குக் கணக்கு விதி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

"ஒரு பைலுக்கு எத்தனை நாள் ஆகுது?"

"மூணு நாளுன்னு போட்டிருந்தோம் சார். ஆறு நாள் இழுக்குது. பதினோரு மீட்டர்லயே பாறை வந்துடுது."

"அந்தக் கரைப் பக்கம் பாக்கி இருக்கிறதுலயும் பாறைதானா?"

"அங்க இன்னும் மேலேயே இருக்கு சார். போர் ரிப்போர்ட் பாருங்க."

போர் ரிப்போர்ட் என்பது மண்ணைத் துளைத்துப் பார்த்த சோதனையின் அறிக்கை. அதில் பாறையின் ஆழம் எழுதியிருக்கும், தேதியும் இருக்கும். அந்தத் தேதி முக்கியம், பின்னால் சொல்கிறேன். பாக்கி 40 பைலுக்கும் 12 லட்சம் என்று வைத்திருப்பது சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஒன்றுக்கு 7 லட்சம் வீதம் 2.8 கோடி குறைவாகப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முடிந்த 80 பைலில் ஏற்கெனவே 5.6 கோடி கூடுதலாகச் செலவாகிவிட்டதே, மொத்த மதிப்பீடு எப்படி 80 கோடியிலேயே நின்றது? எதிர்பாராச் செலவுக்கு என்று ஆரம்பத்தில் 6 கோடி ஒதுக்கியிருந்தார்கள், அது இப்போது 40 லட்சமாகச் சுருங்கியிருக்கிறது. ஒதுக்கீட்டை இப்படிப் பயன்படுத்துவது தவறில்லை, அதற்காகத்தான் அது. ஆனால் பாதி வேலை பாக்கி இருக்கும்போது அது தீர்ந்துவிட்டது என்பதை நிறுவனத்துக்குள் யாரும் உரக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடியில் இருக்கும் எண்கள் ஓடிக்கொண்டிருக்க, மேலே மொத்தம் மட்டும் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த வரிதான் காரணம். ஒவ்வொரு காலாண்டு மதிப்பீட்டையும் வாங்கி இந்த ஒரு வரியை மட்டும் தொடர்ந்து பார்த்தாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.

பாக்கி 1,500 டன் கம்பிக்கு மதிப்பீட்டில் டன்னுக்கு 55,000 ரூபாய், பிப்ரவரி, மார்ச் மாத பில்களில் 67,000. வித்தியாசம் 1.8 கோடி. அணுகு சாலைக்கு இன்னும் 2.5 லட்சம் கனமீட்டர் மண் வேண்டும். பக்கத்துக் குவாரியை நம்பிக் கனமீட்டருக்கு 260 ரூபாய் போட்டிருந்தார்கள். அந்தக் குவாரிக்கு அனுமதி கிடைக்கவில்லை. தூரத்திலிருந்து லாரியில் அடித்தால் 556 ரூபாய் ஆகிறது, 7.4 கோடி கூடுதல். இது ஒரு புதிய சப்-கான்ட்ராக்ட் வேலை உத்தரவின் வரைவில் இருக்கிறது. கையெழுத்து இன்னும் ஆகவில்லை, அதனால்தான் மதிப்பீட்டில் வரவில்லை என்று விளக்கம் வரும். கையெழுத்து ஆகாவிட்டால் மண் தானாக வந்துவிடப் போவதில்லை.

கடைசியாக நாள். பெரிய மதிப்பீடுகளில் மிக எளிதாக விடுபடும் செலவு இதுதான். சைட் ஆபீஸ், காவல், ஜெனரேட்டர், என்ஜினியர் சம்பளம், வாடகைக் கிரேன் எல்லாம் மாதக் கணக்கில் ஓடும் செலவு. நம் பாலத்துக்கு மாதம் 50 லட்சம். மதிப்பீடு இன்னும் 12 மாதத்தில் முடியும் என்கிறது. சைட்டின் சுவரில் ஒட்டியிருக்கும் புதிய வேலை அட்டவணையோ 20 மாதம் என்கிறது. கணக்குப் பிரிவிடம் ஒரு முடிவுத் தேதி, திட்டப் பிரிவிடம் இன்னொரு முடிவுத் தேதி. 8 மாதத்துக்கு 4 கோடி.

2.8, 1.8, 7.4, 4. கூட்டினால் 16 கோடி. 80 கோடி 96 ஆனது இப்படித்தான்.

இதை நிறுவனம் உடனே ஒப்புக்கொள்ளாது. அதற்காக ஆடிட்டரிடம் இன்னொரு சாட்சி இருக்கிறது, காலம். வருடம் மார்ச் 31-இல் முடிந்தாலும் அறிக்கையில் கையெழுத்து மே மாதக் கடைசியில்தான் விழும். அந்த இரண்டு மாதத்தில் 8 பைல் போட்டிருக்கிறார்கள், அதற்கு 1.52 கோடி ஆகியிருக்கிறது. ஒன்றுக்கு 19 லட்சம். இனிமேல் சரியாகிவிடும் என்ற பேச்சு அங்கே முடிந்துபோகிறது. மேலாளர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடிட்டர் நிற்கக் கூடாது என்று தணிக்கை விதிகள் சொல்வது இந்த மாதிரிச் சந்தர்ப்பத்துக்காகத்தான். பாறையின் ஆழம், பைலின் வேகம் எல்லாம் ஆடிட்டருக்குப் புரியாவிட்டால் தன் பக்கம் ஒரு சிவில் என்ஜினியரை வைத்துக்கொள்ளலாம். புரிந்தது போல நடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இதுவரை மீதிச் செலவைப் பார்த்தோம். ஆன செலவையும் அப்படியே நம்பிவிட முடியாது. செலவே சதவீதத்தை நிர்ணயிப்பதால், செலவை ஏற்றினால் வருமானம் ஏறும். வேறெந்தத் தொழிலிலும் செலவை ஏற்றிக் காட்டி லாபத்தைக் கூட்ட முடியாது, இங்கே முடியும். மார்ச் 28-ஆம் தேதி 4 கோடிக்கு பேரிங் வந்து இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 80 கோடியில் 4 கோடி என்பது 5 சதவீதம். சும்மா கூட்டினால், ஒரு போல்ட்டைக்கூட முடுக்காமலே 5 கோடி வருமானமும் 1 கோடி லாபமும் வந்துவிடும். இப்படி வாங்கி வைத்த, இன்னும் பொருத்தாத, பெரிய மதிப்புள்ள பொருளைச் சதவீதக் கணக்கிலிருந்து விலக்கி, அதன் விலைக்குச் சமமான வருமானத்தை மட்டும், லாபமில்லாமல் எழுத வேண்டிய சூழலை விதி தனியாகவே விவரிக்கிறது. எந்த வேலையிலும் பயன்படுத்தக்கூடிய சாதாரணச் சரக்காக இருந்தால் அது வெறும் இருப்பு, வருமானமே கிடையாது. மார்ச் 31-இல் சைட்டில் நின்று குவிந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதற்குப் பதில் வேறு சோதனை இல்லை.

ஒரு வேலையின் செலவை இன்னொன்றின் பெயரில் எழுதுவதும் உண்டு. நஷ்டத்தில் போகும் பாலத்தின் கம்பியை, லாபத்தில் போகும் சாலை வேலையில் காட்டினால் பாலத்தின் மதிப்பீடு தப்பித்துவிடும், சாலைக்கோ முடிந்த சதவீதம் கூடிவிடும். இதைப் பிடிக்க ஜிஎஸ்டி வந்தபின் ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கிறது. சரக்கோடு போகும் இ-வே பில்லில் இறக்கும் இடம் எழுதியிருக்கும். கணக்கில் சாலை என்று இருக்கிறது, இ-வே பில்லில் பாலத்து ஊர் இருக்கிறது என்றால் பேச வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது.

செலவுச் சதவீதத்தை சைட்டின் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவதும் நல்ல பழக்கம். வாடிக்கையாளரின் என்ஜினியர் அளந்து ஒப்புக்கொண்ட வேலை 46 சதவீதம், கணக்கில் 60 சதவீதம் என்றால் இடைவெளிக்கு விளக்கம் வேண்டும். ஆனால் இதை வைத்து மட்டும் குற்றம் சாட்டிவிட முடியாது. பாலத்தில் செலவு அடியில் குவிகிறது. அஸ்திவாரத்துக்குப் பணம் கொட்டும்போது கண்ணுக்குத் தெரியும் வேலை குறைவாகத்தான் இருக்கும். இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்குவதற்கே பெரிய தொகை போகும். வேலை முன்னேற முன்னேற அந்த இடைவெளி குறைய வேண்டும். குறையாமல் அகன்றால்தான் அது நோய்.

இனி விலைப் பக்கம். மொத்தச் செலவு 96 என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தவுடன் பல நிறுவனங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. பாறை இருந்தது எங்கள் தவறில்லை, வாடிக்கையாளரிடம் 15 கோடி கூடுதலாகக் கேட்டிருக்கிறோம், அதையும் ஒப்பந்த விலையில் சேர்க்க வேண்டும் என்பார்கள். சேர்த்தால் விலை 115. அதில் 50 சதவீதம் 57.5 கோடி. இதுவரை லாபம் 9.5 கோடி, இந்த வருட லாபம் 4.5 கோடி. நஷ்டம் மறைந்துபோய்விட்டது.

இந்தக் கோரிக்கைகளைப் பற்றி விதி கறாராக இருக்கிறது. இன்று எழுதிய வருமானத்தைப் பின்னால் பெரிய அளவில் திருப்பி எடுக்க வேண்டிவராது என்பது மிக அதிக சாத்தியத்தோடு இருந்தால்தான் சேர்க்கலாம். அதற்கும் முன்னால் அந்தப் பணத்தைக் கேட்க ஒப்பந்தப்படி உரிமை இருக்க வேண்டும். அதனால் ஆடிட்டர் ஒப்பந்தத்தைத் திறந்து அந்த உட்பிரிவைப் படிக்க வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில், கூடுதல் கேட்கக் காரணமான நிகழ்வு தெரிந்ததிலிருந்து 28 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், தவறினால் உரிமை போய்விடும். பாறை கிடைத்தது ஜூன் மாதம், கடிதம் போனது டிசம்பர் என்றால் 15 கோடியும் வெறும் ஆசை. கடிதம் சரியான நேரத்தில் போயிருந்தாலும் வாடிக்கையாளரின் என்ஜினியர் என்ன பதில் எழுதினார், இதே வாடிக்கையாளரிடம் முன்பு கேட்டதில் எவ்வளவு கிடைத்தது, எத்தனை வருடம் கழித்துக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். நடுவர் மன்றத்தில் வென்றாலும், இந்தியாவில் 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி அந்தத் தீர்ப்பை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கோரிக்கையின் தொகையும் பேசும். செலவு 16 கோடி கூடியது, கோரிக்கை 15 கோடி, அதுவும் மார்ச் மாதம் மூன்றாம் வாரத்தில் எழுதப்பட்டது என்றால் அந்த எண் பாறையிலிருந்து பிறந்ததா, லாபக் கணக்கில் இருந்த ஓட்டையிலிருந்து பிறந்ததா என்று கேட்கத்தான் வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையில் தாமத அபராதம் நிற்கிறது. 8 மாதம் தாமதம் என்று ஒப்புக்கொண்டவுடன் அபராத உட்பிரிவு விழித்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கால நீட்டிப்பு தராமல் 5 கோடி பிடிப்பார் என்று தெரிந்தால் விலை 95 ஆகிவிடும். 95-க்கு எடுத்த வேலைக்கு 96 செலவு. இப்போது ஒப்பந்தமே நஷ்ட ஒப்பந்தம். லாபத்தைப் பகுதி பகுதியாக எழுத அனுமதிக்கும் விதிமுறை நஷ்டத்துக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. வேலை பாதிதான் முடிந்திருந்தாலும் 1 கோடி முழு நஷ்டத்தையும் இன்றே எழுத வேண்டும். போன வருடம் காட்டிய 5 கோடி லாபத்தையும் சேர்த்து அழித்தால் இந்த வருடம் மட்டும் 6 கோடி நஷ்டம். நிர்வாகம் கொண்டுவந்தது 7 கோடி லாபம். பல நேரம் லாப விகிதம் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே தொங்கிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தக் கோடுதான். அதைத் தாண்டினால் மொத்தமும் ஒரே நாளில் விழும். 0.5, 0.8 சதவீத லாபத்தில் வருடக்கணக்கில் மிதக்கும் ஒப்பந்தங்களை நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

போர் ரிப்போர்ட்டின் தேதிக்கு வருகிறேன். பாறை பற்றிய அறிக்கை இந்த வருடம்தான் வந்தது என்றால் மதிப்பீடு மாறியது, அதன் விளைவு முழுதும் இந்த வருடக் கணக்கில் விழும். போன வருடக் கணக்கில் கையெழுத்திடும் முன்பே அந்த அறிக்கை ஆபீஸ் பீரோவில் இருந்தது என்றால் அது மதிப்பீட்டு மாற்றம் ஆகாது. போன வருடக் கணக்கே தவறு, திருத்தி எழுத வேண்டும். ஒரு தாளின் தேதி இரண்டு வருடக் கணக்கைப் பிரிக்கிறது. அதனால்தான் மின்னஞ்சல்கள், சைட் கூட்டக் குறிப்புகள், உள் ஆய்வுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. லிவர்பூலில் 12.7 சதவீதம் நஷ்டம் என்ற எண் 2016 நவம்பரில் நிறுவனத்துக்குள் இருந்தது. 2016 கணக்கு வெளியானது 2017 மார்ச்சில்.

அந்தக் கணக்கின் பலத்தில் கரில்லியன் 2016-ஆம் ஆண்டுக்கு 7.9 கோடி பவுண்டு லாபப் பங்கு அறிவித்தது, அதன் வரலாற்றிலேயே அதிகமான தொகை. அதில் பெரும்பகுதி 2017 ஜூனில் பட்டுவாடா ஆனது. அடுத்த மாதம் 10-ஆம் தேதி, ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு இழப்புக்கு ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று நிறுவனம் அறிவித்தது. 2018 ஜனவரி 15-இல் நிறுவனம் கலைப்புக்குப் போனது. அதில் வேலை பார்த்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 43,000 பேர். தணிக்கை செய்த கேபிஎம்ஜி நிறுவனத்துக்குப் பிரிட்டனின் நிதி அறிக்கை மன்றம் 2023 அக்டோபரில் 2.1 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. போதிய சான்று திரட்டவில்லை, நிர்வாகம் சொன்னதைச் சந்தேகித்து எதிர்க்கேள்வி கேட்கவில்லை என்பவை குற்றச்சாட்டின் மையத்தில் இருந்தன.

இவ்வளவு சோதித்தாலும் ஆடிட்டருக்குக் கிடைப்பது ஒரே எண் கிடையாது, ஒரு வரம்புதான். நம் பாலத்தின் செலவு 93-க்கும் 98-க்கும் நடுவில் எங்கேயும் முடியலாம். 96 என்று நிறுவனம் திருத்தினால் ஏற்றுக்கொள்ளலாம், 94 என்றாலும் காரணம் கேட்டு ஏற்கலாம். 80 அந்த வரம்புக்குள்ளேயே இல்லை. சாமர்த்தியமான நிறுவனம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வரம்பின் கீழ்முனையையே எடுக்கும். தனித்தனியே பார்த்தால் எதுவும் தவறாகத் தெரியாது. எல்லா ஒப்பந்தங்களையும் ஒரே தாளில் எழுதி, நிறுவனம் வரம்பில் எங்கே நிற்கிறது என்று வரிசையாகக் குறித்தால்தான் சாய்வு கண்ணில் படும்.

பங்கு வாங்கியிருக்கும் சாதாரண வாசகருக்கு போர் ரிப்போர்ட்டும் அளவுப் புத்தகமும் கிடைக்காது. ஆண்டறிக்கை கிடைக்கும். அதில் 'ஒப்பந்தச் சொத்து' அல்லது 'பில் போடாத வருமானம்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். கணக்கில் வருமானமாக எழுதியும் வாடிக்கையாளருக்கு இன்னும் பில் போட முடியாமல் நிற்கும் தொகை அது. நம் பாலத்தில் வாடிக்கையாளர் 46 சதவீதம் அளந்திருந்தால் பில் போட முடிந்தது 46 கோடி, எழுதிய வருமானம் 60 கோடி, மீதி 14 கோடி அந்த வரியில் உட்கார்ந்திருக்கும். மூன்று வருட அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். விற்றுமுதல் பத்து சதவீதம் வளர, அந்த வரி நாற்பது சதவீதம் வளர்ந்திருந்தால், லாபம் கூடியும் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் குறைந்திருந்தால், ஆடிட்டர் அறிக்கையில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற தலைப்பின் கீழ் நீண்ட ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியிருக்கும் பத்திக்குப் போங்கள். சைட்டுக்குப் போனோம், போன வருட மதிப்பீட்டை நடந்ததோடு ஒப்பிட்டோம், வருடம் முடிந்தபின் ஆன செலவைப் பார்த்தோம் என்று அவர் எழுதியிருக்கிறாரா, நிர்வாகத்தோடு கலந்து பேசினோம் என்று மட்டும் எழுதியிருக்கிறாரா என்று படித்துப் பாருங்கள்.

லிவர்பூல் மருத்துவமனையின் உத்தரங்களைப் பலப்படுத்தி, மிச்ச வேலையை வேறொரு நிறுவனம் முடித்துக் கொடுத்தது. நோயாளிகளுக்கு அது திறக்கப்பட்டது 2022 அக்டோபரில்.